இரண்டு முறை இறங்கிய பெண்: அசைவில் கட் பிறந்த கதை

1903 தொடக்கத்தில் அமெரிக்காவில் எடிசன் நிறுவனம் வெளியிட்ட ஆறு நிமிடப் படம் ஒன்றில், எரியும் வீட்டிலிருந்து ஒரே பெண் இரண்டு முறை காப்பாற்றப்படுகிறாள். படத்தின் பெயர் ‘லைஃப் ஆஃப் ஆன் அமெரிக்கன் ஃபயர்மேன்’. எடுத்தவர் எட்வின் எஸ். போர்ட்டர். கடைசிக்கு முந்தைய ஷாட்டில் கேமரா படுக்கையறைக்குள் இருக்கிறது. புகையில் விழித்த பெண் ஜன்னலுக்கு ஓடி மயங்கி விழுகிறாள். தீயணைப்பு வீரர் கதவை உடைத்து வந்து, அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வழியாக ஏணியில் இறங்குகிறார். மீண்டும் ஏறி வந்து குழந்தையையும் எடுத்துப் போகிறார். அடுத்த ஷாட்டில் கேமரா தெருவில் இருக்கிறது. அங்கே எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. அதே பெண் ஜன்னலில் தெரிகிறாள். அதே வீரர் வீட்டுக்குள் நுழைகிறார். அவள் மறுபடி இறங்குகிறாள், குழந்தையும் மறுபடி இறங்குகிறது.

இன்று ஒரு குறும்படத்தில் இப்படி வந்தால் எடிட்டர் தூங்கிவிட்டார் என்போம். அன்று அது பிழையாகக் கருதப்படவில்லை. ஒரு ஷாட் என்பது ஓர் இடத்தில் நடந்ததை முழுவதும் காட்டும் ஒரு காட்சி. உள்ளே நடந்ததை உள்ளிருந்து முழுவதும் காட்டியாயிற்று, இனி வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று முழுவதும் காட்ட வேண்டும். போர்ட்டர் அப்படித்தான் யோசித்தார். பாரிஸில் ஜார்ஜ் மெலியே 1902இல் எடுத்த நிலவுப் பயணப் படத்திலும் இதே பழக்கம் உண்டு. குண்டு வடிவ ஊர்தி நிலவின் கண்ணில் போய்ச் செருகும். அடுத்த ஷாட்டில் அது நிலவின் தரையில் இன்னொரு முறை வந்து இறங்கும். இடம் மாறினால் காலத்தைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓடவிடலாம் என்பது அந்த ஆண்டுகளின் நடைமுறை.

ஒருவர் நாற்காலியிலிருந்து எழத் தொடங்குவது தூர ஷாட்டிலும், எழுந்து முடிப்பது அருகு ஷாட்டிலும் வரும்படி, அந்த அசைவின் நடுவிலேயே வெட்டி ஒட்டுவதை இன்று ஆக்‌ஷன் கட் என்கிறோம். இரண்டு ஷாட்டுகள் ஒரே எழுதலாகத் தெரியும். இந்த வித்தை எப்படிப் பிறந்தது என்று தேடிப் போனால், அந்த ‘இரண்டு முறை காட்டுதல்’ எப்படிச் சுருங்கியது என்பதுதான் அதன் கதை என்று தெரிகிறது. அது சுருங்கியதே தவிர மறையவில்லை.

கேமரா நின்றது, உடல் மாறியது

அசைவோடு அசைவை ஒட்டுகிற கை முதலில் பழகியது கதை சொல்வதற்காக அல்ல, தந்திரம் செய்வதற்காக. 1895இல் எடிசன் நிறுவனத்துக்காக ஆல்ஃபிரட் கிளார்க் எடுத்த சில நொடிப் படம் ஒன்றில் ஸ்காட்லாந்து அரசி மேரியின் தலை வெட்டப்படுகிறது. நடிப்பவர் பலிக்கட்டையில் தலை வைத்ததும் கேமராவை நிறுத்தினார்கள். சுற்றியிருந்தவர்கள் நின்ற இடத்திலேயே அசையாமல் நின்றார்கள். நடிகருக்குப் பதில் பொம்மையைக் கிடத்தி, கேமராவை மறுபடி ஓட்டினார்கள். கோடரி விழுந்தது, தலை உருண்டது.

மெலியே இதைத் தொழிலாகவே ஆக்கிக்கொண்டார். மனிதரை மாயமாக்கவும் ஒன்றை இன்னொன்றாக மாற்றவும் அவர் கேமராவை நிறுத்தி ஓட்டியதோடு விடவில்லை என்பது, பிற்காலத்தில் அவருடைய சுருள்களைக் கையிலெடுத்து ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை. மாற்றம் நடக்கும் இடங்களில் சுருளை வெட்டி ஒட்டிய தடம் இருந்தது. கேமரா நிற்கும்போதும் மறுபடி ஓடும்போதும் பதிவான தேவையற்ற ஃபிரேம்களைக் கத்தரித்து, முன்பாதியின் அசைவு பின்பாதியின் அசைவோடு சரியாகப் பொருந்தும் இடத்தில் அவர் ஒட்டியிருந்தார். ஆக, அசைவைப் பொருத்தி ஒட்டும் கைத்திறன் 1900க்கு முன்பே இருந்தது. ஆனால் அங்கே கேமரா இருந்த இடத்திலேயே இருந்தது, அதன் முன்னால் உடல்தான் மாறியது. இதைத் தலைகீழாக்கி, உடல் அப்படியே தொடரட்டும், கேமரா இடம் மாறட்டும் என்று யாராவது நினைக்க வேண்டியிருந்தது.

பிரைட்டன் கடற்கரை

அதை முதலில் நினைத்தவர்களில் சிலர் இங்கிலாந்தின் தெற்குக் கரையில், பிரைட்டனிலும் அதை ஒட்டிய ஹோவ் ஊரிலும் இருந்தார்கள். ஹோவ்வில் ஜேம்ஸ் வில்லியம்சன் 1901இல் ‘ஃபயர்!’ என்ற ஐந்து ஷாட் படத்தை எடுத்தார். அதிலும் எரியும் வீடு, தீயணைப்பு வீரர், ஜன்னல், ஏணி எல்லாம் உண்டு. போர்ட்டரின் படத்துக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும் படங்களில் அதுவும் ஒன்று. ஆனால் வில்லியம்சன் காப்பாற்றுவதை இரண்டு முறை காட்டவில்லை. வீரர் மயங்கியவரைத் தோளில் சுமந்து ஜன்னல் வழியாக வெளியேறும்போதே உள்ஷாட் முடிகிறது. வெளிஷாட் அவர் ஜன்னலிலிருந்து ஏணிக்கு வருவதோடு தொடர்கிறது. ஓர் உடல், ஓர் அசைவு, சுவரின் இரண்டு பக்கம்.

அதே வட்டாரத்தில் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் வேறொரு திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்தார். நோயுற்ற பூனைக்குட்டிக்குக் குழந்தைகள் மருந்து கொடுக்கும் சிறு படம் ஒன்றில், முதலில் அறையைத் தூரத்திலிருந்து காட்டினார். பிறகு கரண்டியும் பூனையின் முகமும் மட்டும் தெரியும்படி மிக அருகில் போனார். இடம் மாறவில்லை, நேரம் மாறவில்லை, தூரம் மட்டும் மாறியது. இதற்கு அதே செயலை இரண்டாம் முறை, இன்னொரு கேமரா இடத்துக்காகச் செய்து காட்ட வேண்டும். ஒரே செயலை இரண்டு முறை நடித்து ஒரு முறையாகக் காட்டுவது என்ற வேலைமுறை இங்கேதான் தொடங்குகிறது. ஒற்றைக் கேமராவில் படம் எடுப்பவர்கள் எல்லோரும் இன்றும் செய்வது இதைத்தான்.

இங்கிலாந்தில் 1901இல் தெரிந்த ஒன்றை அமெரிக்காவில் 1903இல் போர்ட்டர் ஏன் செய்யவில்லை? அன்று யாருக்கும் இது ‘கண்டுபிடிப்பு’ என்று தெரியாது. ஒன்றாகக் காட்டுவது ஒரு வழி, இரண்டாகக் காட்டுவது இன்னொரு வழி, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள வரலாற்றாசிரியர்களுக்கே பல பத்தாண்டுகள் ஆயின. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் போர்ட்டர் படத்தின் ஒரு பிரதி இருந்தது. அதில் உள்ளும் வெளியுமான ஷாட்டுகள் துண்டு துண்டாக வெட்டப்பட்டு மாறி மாறி வந்தன, பெண் ஒரே முறைதான் இறங்கினாள். அதை நம்பி, தொடர் எடிட்டிங்கின் தந்தை போர்ட்டர் என்று எழுதினார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் வேறொரு சாட்சி இருந்தது. 1912 வரை அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படம் என்று தனி வகை இல்லாததால், நிறுவனங்கள் படம் முழுவதையும் காகிதச் சுருளில் புகைப்படங்களாக அச்சிட்டுப் பதிவு செய்தன. அந்தக் காகிதச் சுருளில் பெண் இரண்டு முறை இறங்கினாள். 1970களின் பிற்பகுதியில் ஆந்த்ரே கோத்ரோ, சார்லஸ் மஸ்ஸர் போன்றோர் ஒப்பிட்டு ஆராய்ந்து, மாறி மாறி வெட்டிய பிரதி பின்னால் யாரோ திருத்தியது என்று நிறுவினார்கள். திருத்தியவரின் கண் அதற்குள் மாறிவிட்டிருந்தது. அவருக்கு இரண்டு முறை இறங்குவது தாங்கவில்லை.

விரலும் விளக்கும்

அந்தக் கண் மாறிய காலம் ஏறத்தாழ 1908 முதல் 1920 வரை. பயோகிராஃப் நிறுவனத்தில் டி.டபிள்யூ. கிரிஃபித் ஒரு பாத்திரத்தை அறையிலிருந்து அறைக்கு நடத்திச் சென்றார். வலப்பக்கக் கதவில் வெளியேறினால் அடுத்த ஷாட்டில் இடப்பக்கத்திலிருந்து நுழைவார். கதவைக் கடக்கும் அசைவின் போதே கட் விழும். அசையும் திசை மாறாதவரை இரண்டு அறைகளும் பக்கத்துப் பக்கத்து அறைகள் என்று பார்ப்பவர் தானாகவே நம்பினார்.

ஆனால் கதவைக் கடப்பது எளிய கேஸ். இரண்டு ஷாட்டும் வேறு வேறு இடம் என்பதால் நாலைந்து ஃபிரேம் முன்பின் ஆனாலும் தெரியாது. ஒரே அறையில், ஒரே நபரைத் தூரத்திலிருந்து அருகுக்குக் கொண்டுவரும்போதுதான் உண்மையான சோதனை. கை எந்த உயரத்தில் இருந்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதெல்லாம் இரண்டு துண்டிலும் ஒத்துப் போக வேண்டும். அன்றைய எடிட்டர்கள், அவர்களில் கணிசமானோர் பெண்கள், இதை இயந்திரம் இல்லாமல் செய்தார்கள். சுருளை விளக்கொளிக்கு எதிரே பிடித்து, விரல்களுக்கு இடையில் இழுத்து, அசைவின் வேகத்தைக் கண்ணால் கணித்து, கத்தரித்து ஒட்டி, திரையில் போட்டுப் பார்த்துத் திருத்தினார்கள்.

இவான் செரூரியர் என்பவர் வீட்டில் படம் பார்ப்பதற்காக மூவியோலா என்ற கருவியை உருவாக்கியிருந்தார். 1924இல் அதை எடிட்டிங் மேசைக்கு ஏற்றவாறு மாற்றினார். முதல் கருவியை டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் ஸ்டுடியோ வாங்கியது. இனி எடிட்டர் ஒரு துண்டை உண்மையான வேகத்தில் ஓடவிட்டு, வேண்டிய ஃபிரேமில் நிறுத்தி, பின்னுக்கு ஓட்டிப் பார்க்கலாம். அசைவை நின்ற படங்களின் வரிசையாகப் பார்த்து ஊகித்தவர்களுக்கு, அசைவாகவே பார்த்து முடிவெடுக்கும் வசதி வந்தது.

அதே 1924இல் பஸ்டர் கீட்டன் இந்த ஒட்டுதலின் பலத்தை உலகத்துக்கே காட்டிவிட்டார். ‘ஷெர்லாக் ஜூனியர்’ படத்தில் சினிமா கொட்டகை ஆப்பரேட்டர் ஒருவர் கனவில் திரைக்குள் நுழைகிறார். உள்ளே போனதும் அவரைச் சுற்றிக் காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. தோட்டத்து பெஞ்சில் உட்காரப் போகிறார், அது நெரிசலான தெருவாக மாறிக் கீழே விழுகிறார். கடல் பாறையிலிருந்து தண்ணீரில் பாய்கிறார், பனிக்குவியலில் தலைகுத்தி விழுகிறார். பின்னணி ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் எடுத்தது. கேமராவிலிருந்து தன் உடல் இருந்த தூரத்தை நில அளவைக் கருவி கொண்டு அளந்து, அதே தூரத்தில் அதே நிலையில் நின்று அடுத்ததை எடுத்ததாகக் கீட்டன் பின்னாளில் சொன்னார். உலகமே மாறினாலும் உடலின் அசைவு தொடர்ந்தால் கண் அதைத்தான் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி அதுவரை இல்லை.

இதற்கு நேர் எதிரான சாட்சி அடுத்த ஆண்டே சோவியத் நாட்டிலிருந்து வந்தது. ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ படத்தில் கோபமுற்ற மாலுமி ஒருவன் கையிலிருக்கும் தட்டை ஓங்கி அடித்து உடைக்கிறான். ஒரு நொடியில் முடிய வேண்டிய செயல் பல குட்டித் துண்டுகளாக, ஒன்றன் முடிவு இன்னொன்றின் தொடக்கத்தில் மறுபடி வரும்படி வெட்டப்பட்டிருக்கிறது. கை இரண்டு முறை ஓங்குகிறது. போர்ட்டர் பழக்கத்தால் செய்ததை ஐசன்ஸ்டைன் அறிந்தே செய்தார். அசைவு மீளும் இடத்தில் பார்ப்பவர் இடறுவார், அந்த இடறல்தான் அடியின் வலி என்று அவர் கணக்கிட்டார். மீள்காட்டுதல் அதிகமானால் தெரியும் என்பது இப்போது ஓர் அறிவாகவே ஆகிவிட்டது. எவ்வளவு குறைந்தால் தெரியாது என்ற கேள்விதான் மிச்சமிருந்தது.

ஒரு காலடி, இரண்டு உலகம்

இந்த வித்தை குறும்படத்தின் சொந்தச் சொத்தானது மாயா டெரன் கையில். கையிலடங்கும் 16 மில்லிமீட்டர் போலெக்ஸ் கேமராவோடு, ஸ்டுடியோவின் துணையில்லாமல் படம் எடுத்தவர் அவர். 1943இல் கணவர் அலெக்சாண்டர் ஹமீதுடன் சேர்ந்து எடுத்த ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’ படத்தில், நாற்காலியிலிருந்து எழுந்த பெண் அறையைக் கடக்கச் சில அடிகள் வைக்கிறாள். ஒவ்வோர் அடியும் வேறு தரையில் விழுகிறது: கடற்கரை மணல், புல், நடைபாதை, கடைசியில் அறையின் விரிப்பு. அங்கே கண்டுகொண்ட ஒன்றை முழுப் படமாக வளர்த்ததுதான் 1945இல் வந்த ‘எ ஸ்டடி இன் கோரியோகிராஃபி ஃபார் கேமரா’. சில நிமிடங்களே ஓடும் மௌனப்படம், ஒரே ஒரு நடனக் கலைஞர், டாலி பியட்டி.

காட்டில் மரங்களுக்கு நடுவே பியட்டி காலை மெல்ல உயர்த்துகிறார். கால் கீழே இறங்கும்போது அது ஒரு வீட்டின் அறைக்குள் இறங்குகிறது. கட் விழுவது கால் உச்சியில் நிற்கும்போது அல்ல, இறங்கத் தொடங்கிய பிறகு. அதனால்தான் காடும் அறையும் ஒரே அடி தூரம் என்று நம்பிவிடுகிறோம். பிறகு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் எகிப்தியக் கூடம். கடைசியில் ஒரு பெரிய தாவல்: எழும்பும் உடல், காற்றில் மிதக்கும் உடல், இறங்கும் உடல் என்று தனித்தனியாக எடுத்த துண்டுகள் அசைவிலேயே ஒட்டப்பட்டு, எந்த மனிதனும் தாவ முடியாத நீளத்துக்கு நீள்கின்றன. முடிவில் ஹட்சன் ஆற்றை நோக்கும் பாறை மேட்டில் வந்து இறங்குகிறார்.

இதில் குறும்படக்காரருக்குரிய பாடம் செலவில்லாதது. டெரனிடம் அரங்கம் இல்லை, கிரேன் இல்லை. அசைவின் முதல் பாதியை ஓரிடத்திலும் இரண்டாம் பாதியை இன்னோரிடத்திலும் எடுக்க ஒப்புக்கொண்ட ஒரு நடிகரும், அசைவு எந்தத் திசையில் எந்த வேகத்தில் பாதியில் நின்றது என்ற நினைவும் இருந்தன.

ஒரு காட்சியை வெட்டிப் பார்ப்போம்

எளிய காட்சி ஒன்று. அப்பா திண்ணையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கேட் திறக்கும் சத்தம். நீண்ட நாள் கழித்து மகன் வந்திருக்கிறான் என்று தெரிந்து எழுகிறார். முதல் ஷாட் வைடு: திண்ணை முழுவதும், நாற்காலி, தூண். இரண்டாவது மிட்: இடுப்புக்கு மேல், முகம் தெளிவாக. கேமரா ஒன்றுதான் என்பதால் அவர் இரண்டு முறை எழ வேண்டும்.

எடுக்கும்போதே பாதி வேலை முடிய வேண்டும். வைடில் உட்கார்ந்திருப்பதிலிருந்து முழுவதும் எழுந்து நின்று ஓரடி வைப்பது வரை நடிக்கட்டும். மிட்டிலும் அதே முழுச் செயலையும் நடிக்கட்டும். “எழுந்ததுலேர்ந்து மட்டும் பண்ணுங்க சார், போதும்” என்று சொல்லி நேரம் மிச்சப்படுத்துபவருக்கு எடிட்டிங்கில் ஒரே ஓர் இடத்தில்தான் வெட்ட வழியிருக்கும், பல சமயம் அதுவும் இருக்காது. எந்தக் கையை நாற்காலியின் பிடியில் ஊன்றினார், துண்டு எந்தத் தோளில் கிடந்தது, எந்தக் கால் முன்னே போனது என்ற மூன்றையும் உதவி இயக்குநர் குறித்துக்கொண்டால் போதும். கேமரா வெறுமனே நேராக முன்னால் போகாமல் சற்றே பக்கவாட்டிலும், சுமார் 30 டிகிரியாவது, நகரட்டும். ஷாட்டின் அளவிலும் தெளிவான வேறுபாடு இருக்கட்டும். இரண்டும் கொஞ்சமாக மாறினால், கேமரா தவறிப்போய் ஆடியதுபோல் படம் துள்ளும். அப்பாவும் கேட்டும் சேர்ந்த கற்பனைக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் கேமரா இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வைடில் வலப்பக்கம் எழுந்தவர் மிட்டில் இடப்பக்கம் எழுவார்.

இப்போது டைம்லைன். நொடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்துக்கொள்வோம். வைடில் அவர் எழ 30 ஃபிரேம் எடுக்கிறது. முதல் 8 ஃபிரேமில் முன்னால் குனிகிறார், கை பிடியை அழுத்துகிறது. 10ஆவது ஃபிரேமில் உடல் நாற்காலியை விட்டுக் கிளம்புகிறது. 30இல் நிமிர்ந்துவிட்டார். எங்கே வெட்டுவது?

குனிவதற்கு முன்பே வெட்டினால் அவர் மிட் ஷாட்டில் எதுவும் செய்யாமல் ஒரு கணம் இருப்பார். கட்டுக்கு மறைவு இருக்காது. நிமிர்ந்த பிறகு வெட்டினாலும் அதே கதை: அசைவு நின்றுவிட்டது, பார்ப்பவர் கண் ஓய்ந்துவிட்டது, மாறிய படம் அம்மணமாகத் தெரியும். இடையில், எழும் வேகம் தொடங்கிய பின், நோக்கம் தெளிவான பின் வெட்ட வேண்டும். 12ஆவது ஃபிரேம் நல்ல இடம். இந்த மனிதர் எழப் போகிறார் என்று கண் முடிவு செய்து, எழுதலைப் பின்தொடர ஆரம்பித்துவிட்டது. மிச்சத்தைப் பார்க்கும் ஆவலில் அது அடுத்த படத்துக்குத் தானாகவே தாவும்.

அடுத்து மிட் ஷாட்டில் அதே உடல்நிலையைத் தேடுங்கள். இரண்டாம் டேக்கில் நடிகர் மெதுவாக எழுந்து, அது 40 ஃபிரேம் ஆகியிருக்கலாம். அப்போது எண்ணை நம்பாமல் உடலை நம்ப வேண்டும்: தோள் எந்த உயரம், முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது. வைடின் 12க்கு இணையானது மிட்டின் 16 என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி அடுத்த ஷாட் 17இல் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் பெரும்பாலும் ஏதோ துண்டு விட்டுப்போனது போல் ஒரு துள்ளல் தெரியும். மிட்டை 14இல் தொடங்குங்கள். அதாவது ஏற்கெனவே வைடில் காட்டிவிட்ட அசைவில் ஏறத்தாழ 3 ஃபிரேமை மறுபடி காட்டுங்கள். இப்போது ஓடவிட்டால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும்.

மூன்று ஃபிரேமின் காரணம்

இது வெறும் கைப்பழக்கமாக எடிட்டிங் அறைகளில் பல ஆண்டுகள் வழங்கி வந்தது. எடிட்டராயிருந்து இயக்குநரான எட்வர்ட் டிமிட்ரிக், 1984இல் எழுதிய எடிட்டிங் நூலில் அசைவைச் சில ஃபிரேம்கள் மேற்பொருத்தச் சொல்கிறார். புதுப் படம் வந்ததும் கண் அதில் தன் இடத்தைத் தேடி நகர ஒரு நொடியில் சிறு பங்கு ஆகிறது. அந்த நேரத்தில் நடப்பதை அது சரியாகப் பார்ப்பதில்லை. பார்க்காமல் விட்ட அளவை மறுபடி தந்தால்தான் அசைவு முழுதாகத் தோன்றும்.

பிறகு ஆய்வகத்திலும் இதைச் சோதித்தார்கள். டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பார்ப்பவர்கள் படம் பார்த்தபடி கட் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். கட்டைத் தேடிக்கொண்டே பார்த்தும், ஒரே காட்சிக்குள் கோணம் மாறிய கட்டுகளில் கால்பங்கு அவர்கள் கண்ணுக்குத் தப்பியது. திடீரென ஓர் அசைவு தொடங்கும் இடத்தில் கட் விழுந்தபோது தப்பியது மூன்றில் ஒரு பங்கு. 2014இல் ஆர்தர் ஷிமமுராவும் உடன் ஆய்ந்தவர்களும் மீள்காட்டும் அளவை மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தார்கள். மிகச் சீராகத் தோன்றியது, சுமார் 125 மில்லிநொடி மீள்காட்டிய கட். நொடிக்கு 24 ஃபிரேம் படத்தில் அது சரியாக 3 ஃபிரேம். நொடிக்கு 30 ஃபிரேமில் செல்பேசியில் எடுத்தால் ஏறத்தாழ 4.

ஆகவே கணிதப்படி துல்லியமாகத் தொடரும் கட், கண்ணுக்குத் தாவுவதாகத் தெரிகிறது. கொஞ்சம் பின்னுக்கு இழுத்துத் தொடங்கும் கட்தான் தொடர்வதாகத் தெரிகிறது. போர்ட்டரின் படம் ஒரு மீட்பை முழுவதும் மறுபடி காட்டியது. இன்றைய எடிட்டர் நொடியில் எட்டில் ஒரு பங்கை மறுபடி காட்டுகிறார். நூற்றாண்டு முழுவதும் மாறியது அந்த அளவுதான்.

எங்கே கெடுகிறது

கட்டை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால் எப்போதும் தவறாகவே தெரியும். முழு வேகத்தில், கட்டுக்கு மூன்று நொடி முன்பிருந்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து விக்கியது போல் இரண்டு முறை எழுந்தால் மீள்காட்டியது அதிகம், மிட்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு ஃபிரேமாகக் குறையுங்கள். நடுவில் உடல் குதித்து மேலே போனால் குறைவு, ஒவ்வொன்றாகச் சேருங்கள். எத்தனை ஃபிரேம் மாற்றினாலும் உறுத்தினால் பிரச்சினை ஃபிரேமில் இல்லை. வைடில் வேகமாகவும் மிட்டில் தயங்கியும் எழுந்திருப்பார், அல்லது ஊன்றிய கை மாறியிருக்கும். வேகத்தை ஐந்து, பத்து சதவீதம் மாற்றிச் சமாளிக்கலாம். மாறிய கையை எதனாலும் சமாளிக்க முடியாது, வேறு டேக்கைத் தேட வேண்டும். படம் அருகு ஷாட்டானால் அதே அசைவு திரையில் இன்னும் வேகமாகத் தெரியும் என்பதால், நடிகரிடம் குளோஸ்-அப்பில் சற்று மெதுவாக எழச் சொல்பவர்கள் உண்டு. அது ஒத்திகையில் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது.

ஒலியும் இதில் பங்கு கொள்கிறது. நாற்காலி கிறீச்சிடும் சத்தத்தை ஒரே டேக்கிலிருந்து எடுத்து, கட்டுக்கு முன்பே தொடங்கி கட்டைக் கடந்தும் ஓடவிட்டால் காது இரண்டு படங்களையும் சேர்த்துக் கட்டிவிடும். படம் வெட்டுப்படும் அதே ஃபிரேமில் ஒலியையும் வெட்டினால், அசைவு எவ்வளவு பொருந்தினாலும் ஒட்டு வெளியே தெரியும்.

எல்லாம் சரியாக இருந்தும் அந்த இடத்தில் கட்டே வேண்டாம் என்ற முடிவும் உண்டு. எடிட்டர் வால்ட்டர் மர்ச் ஒரு கட்டுக்கு ஆறு அளவுகோல்களை வரிசைப்படுத்தி எடை போட்டபோது உணர்ச்சிக்கு 51 சதவீதம் கொடுத்தார். இடத்தில் உடல்கள் சரியாகத் தொடர்கின்றனவா என்பதற்கு வெறும் 4. அப்பா எழும் அசைவில் கட் செய்தால் எழுதல் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் பார்ப்பவர் கண் அசைவின் பின்னால் போய்விடும். மகன் வந்த சத்தம் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு கணம் ஓடியது என்ன என்பதுதான் காட்சி என்றால், அவர் எழுவதற்கு முன்பே, அசையாதிருக்கும் முகத்துக்குப் போய்விட வேண்டும். கட் கொஞ்சம் தெரியும். தெரியட்டும். அவர் முகத்தோடு சேர்ந்து நாமும் எழுவோம். எழுந்ததுதான் செய்தி, எழுந்தவரின் மனம் அடுத்த காட்சிக்கு உரியது என்றால் 12ஆவது ஃபிரேமில் வெட்டுங்கள், மூன்று ஃபிரேம் பின்னால் தொடங்குங்கள். எது வேண்டும் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே இயக்குநர் எடிட்டரிடம் சொல்லிவிட்டால் இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ள அன்று ஒரு டேக்தான் கூடுதலாக ஆகும்.